ஒன்றாம் தேதி பிறந்தவரின் கடைசி வேலை நாள் எது? அலுவலகத் தலைவர்களுக்கும் பணியமைப்புப் பிரிவினருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசு அலுவலகங்களின் தலைவர்களுக்கும், சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர்களுக்கும், பணிப்பதிவேடு எழுதும் இருக்கை எழுத்தர்களுக்கும் வணக்கம்.

ஓய்வூதியக் கருத்துருக்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். மாதத்தின் முதல் தேதியில் பிறந்த ஊழியர் என்றைக்கு ஓய்வு பெற வேண்டும் என்பதில் இன்னமும் பிழை நடக்கிறது. விதியில் குழப்பம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு நாளைக் கவனிக்காமல் விட்டால் ஒரு மாதச் சம்பளம் முழுவதும் சிக்கலில் மாட்டிக்கொள்ளும்.

1966 ஜூன் 1 அன்று பிறந்த ஓர் உதவியாளரை எடுத்துக்கொள்வோம். ஓய்வு வயது 60. அறுபதாவது பிறந்த நாள் 2026 ஜூன் 1. வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு என்பது விதி. அப்படியானால் ஜூன் 30 என்றுதான் எவருக்கும் தோன்றும். பல அலுவலகங்களில் அப்படித்தான் எழுதியும் வைத்திருக்கிறார்கள். சரியான தேதி 2026 மே 31. அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, அதற்கு முந்தைய நாள் சனி. ஆகவே அவர் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்க்கும் கடைசி நாள் மே 29, வெள்ளிக்கிழமை. அவரைவிட ஒரே ஒரு நாள் இளையவர், ஜூன் 2 அன்று பிறந்தவர், ஜூன் 30 செவ்வாய்க்கிழமை மாலை வரை இருப்பார்.

இதற்குக் காரணம் வயதை எண்ணும் முறை. பிறந்த நாளும் ஒரு முழு நாளாகக் கணக்கில் சேர்கிறது. குழந்தை காலை ஆறு மணிக்குப் பிறந்தாலும் இரவு பதினொன்றுக்குப் பிறந்தாலும் சட்டம் மணியைப் பார்ப்பதில்லை. ஜூன் 1 முதல் நாள் என்றால், முதல் ஆண்டு மறு வருடம் மே 31 நள்ளிரவில் முடிந்துவிடும். ஜூன் 1 விடியும்போது இரண்டாம் ஆண்டின் முதல் நாள் தொடங்கியிருக்கும். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் அறுபதாவது ஆண்டும் 2026 மே 31-ஆம் தேதியோடு முடிகிறது. 60 வயது நிறைவடைந்த மாதம் மே. ஓய்வு பெறும் மாதமும் அதுவே. நாம் ஜூன் 1 அன்று கொண்டாடுவது, நிறைந்து முடிந்த வயதுக்கு மறுநாளை.

இந்தக் கணக்கை உச்ச நீதிமன்றம் 1986-இல் பிரபு தயாள் சேஸ்மா எதிர் ராஜஸ்தான் மாநிலம் என்ற வழக்கில் தெளிவாக்கியது. அது ஓய்வு பற்றிய வழக்கு அல்ல, வேலையில் சேரும் வயது பற்றியது. அவர் பிறந்தது 1956 ஜனவரி 2. 1984 ஜனவரி 1 அன்று 28 வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது தேர்வு நிபந்தனை. பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்பது அவர் வாதம். பிறந்த நாளுக்கு முந்தைய நாளிலேயே வயது நிறைந்துவிடுகிறது என்று நீதிமன்றம் சொன்னது, வாய்ப்பு போயிற்று. வேலைக்குள் நுழையும்போது அவரைத் தடுத்த அதே எண்ணும் முறைதான், வேலையை விட்டு வெளியேறும்போது ஒன்றாம் தேதிக்காரர்களை ஒரு மாதம் முன்னதாக அனுப்புகிறது.

வயது வருதல் சட்டத்தைக் காட்டி எதிர்க்கேள்வி கேட்கும் ஊழியர்கள் உண்டு. பதினெட்டாவது பிறந்த நாளின் தொடக்கத்தில் ஒருவர் மேஜர் ஆகிறார் என்று அந்தச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அது அந்தச் சட்டம் தனக்கென்று எழுதிக்கொண்ட வரி. பணி விதிகளுக்கு அதைக் கொண்டுவர முடியாது. மத்திய அரசு தன் அடிப்படை விதி 56-இல் சந்தேகத்துக்கே இடம் வைக்காமல், மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு பெறுவார் என்று ஒரு காப்புரையாகவே சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் நடைமுறை அதுவே.

மாதக் கடைசி என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் இந்தச் சிக்கலே இத்தனை பெரிதாகத் தெரிந்திருக்காது. 1970-களின் முற்பகுதி வரை மத்திய அரசு ஊழியர் வயது நிறைந்த அன்றே வீட்டுக்குப் போனார். அப்போது ஒன்றாம் தேதிக்காரருக்கும் இரண்டாம் தேதிக்காரருக்கும் இடையே இருந்தது ஒரு நாள் வேறுபாடு மட்டும். சம்பளமும் ஓய்வூதியமும் மாத நடுவில் முறிவதைத் தவிர்க்கத்தான் எல்லோரையும் மாதக் கடைசிவரை வைத்துக்கொள்ளும் முறை வந்தது. இதில் இரண்டாம் தேதி பிறந்தவருக்குச் சலுகையாகக் கிடைப்பது ஏறக்குறைய முழு மாதம். ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு ஒரு நாள்கூடக் கிடைப்பதில்லை. அவர் வயது நிறையும் நாளே மாதக் கடைசியாக அமைந்துவிடுகிறது. "ஒரு மாதத்தைப் பறித்துக்கொண்டார்கள்" என்று ஊழியர் வருந்துவது நமக்குப் புரிகிறது. ஆனால் அவரிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை, மற்றவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் நாட்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. இப்படி எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அலுவலகத்துக்கு ஒருவராவது ஒன்றாம் தேதிக்காரர் இருப்பதற்கும் காரணம் உண்டு. மருத்துவமனையில் பிறக்காத, பிறப்பைப் பதிவு செய்யாத தலைமுறையில், பள்ளியில் சேர்க்கும் அன்று தலைமை ஆசிரியர் போட்ட தேதியே பிறந்த தேதி. ஐந்து வயது ஆகிவிட்டது என்று காட்டக் கல்வியாண்டின் தொடக்கத்தை ஒட்டி ஒரு தேதியைப் போடுவது வழக்கமாக இருந்தது. மத்திய அரசு விதியும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்து மாதம் தெரியாவிட்டால் ஜூலை 1 என்று கொள்ள வேண்டும், மாதமும் தெரிந்தால் அந்த மாதத்தின் 16 என்று கொள்ள வேண்டும் என்றது அது. மாதம் தெரிந்தவருக்கு மாத நடுவைக் கொடுத்த விதி, மாதமும் தெரியாதவரைக் கொண்டுபோய் ஒன்றாம் தேதியில் நிறுத்திவிட்டது. அவர் ஜூன் 30 அன்றே ஓய்வு பெற்றாக வேண்டும்.

ஒரு மாதம்தானே என்று நினைப்பவர்களுக்கு 2020-இல் நம் மாநிலத்தில் நடந்ததை நினைவூட்டுகிறோம். 2020 மே 7 அன்று ஓய்வு வயது 58-இலிருந்து 59 ஆனது. 2020 மே 31 முதல் ஓய்வு பெற வேண்டியவர்களுக்கு அது பொருந்தும் என்று அரசாணை சொன்னது. அடுத்து 2021 பிப்ரவரி 25 அன்று 60 ஆக உயர்த்தினார்கள், 2021 மே 31 முதல் ஓய்வு பெற இருந்தவர்களுக்கு. (ஏற்கெனவே 60 வயது வரை பணி செய்துவந்த அடிப்படைப் பணியாளர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

இப்போது 1962 மே 1 அன்று பிறந்த ஓர் இளநிலை உதவியாளரையும் மே 2 அன்று பிறந்த இன்னொருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாமவருக்கு 58 வயது நிறைந்தது 2020 ஏப்ரல் 30. அன்றே ஓய்வு. அரசாணை வந்தது அதற்கு ஏழு நாள் கழித்து. இரண்டாமவருக்கு 58 நிறைந்தது 2020 மே 1, ஓய்வு பெற வேண்டியது மே 31. ஆகவே முதல் ஆணைக்குள் வந்தார், தேதி 2021 மே 31-க்குத் தள்ளிப்போனது. அந்தத் தேதி அடுத்த ஆணையின் வரம்பிலும் சரியாகப் போய் உட்கார்ந்தது. கடைசியில் அவர் ஓய்வு பெற்றது 2022 மே 31. பிறந்ததில் ஒரு நாள் வித்தியாசம், பணியில் 25 மாத வித்தியாசம். விதியைச் சரியாகப் பின்பற்றியும் இப்படி ஆனது. இதில் குறுக்கு வழி எதுவும் இல்லை.

இதுபோன்ற வெட்டுத் தேதிகள் பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில்தான் வருகின்றன. மத்திய அரசு ஊழியருக்குப் பணிக்கொடை உச்சவரம்பு 10 லட்சம் ரூபாயிலிருந்து 20 லட்சம் ரூபாய் ஆனது 2016 ஜனவரி 1 முதல். 1956 ஜனவரி 1 அன்று பிறந்த மத்திய அரசு ஊழியர் 2015 டிசம்பர் 31 அன்றே ஓய்வு பெற்றுவிட்டதால் அவருக்குப் பழைய உச்சவரம்பு. ஜனவரி 2 அன்று பிறந்தவர் அந்த மாதம் 31 வரை இருந்ததால் அவருக்குப் புதியது.

ஊதிய உயர்வு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதியில் வருகிறது. ஜூலை 1 அன்று பிறந்தவருக்கு ஊதிய உயர்வும் ஜூலை 1 என்றால், அவர் ஆண்டு முழுவதும் உழைத்துவிட்டு, உயர்வு வருவதற்கு முந்தைய மாலை வெளியே போகிறார். ஜூலை 2 அன்று பிறந்தவர் உயர்வை வாங்கி, ஒரு மாதம் அந்தச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு போகிறார். முதலாமவர் எதையும் இழக்க வேண்டியதில்லை என்பதற்கு ஓர் ஆணை இருக்கிறது, பலர் அதைத் தேடுவதில்லை. நிதித் துறையின் 2014 டிசம்பர் 31 நாளிட்ட அரசாணை எண் 311-இன்படி, ஓய்வுக்கு மறுநாள் ஊதிய உயர்வு வர வேண்டியவர் முழு ஓராண்டுப் பணியை முடித்திருந்தால், ஓய்வூதியக் கணக்குக்கு மட்டும் அந்த உயர்வைக் கருத்தியலாக அனுமதிக்கலாம்.

அடிப்படை ஊதியம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3 சதவீத உயர்வு 2,400 ரூபாய். ஓய்வூதியம் அதில் பாதி என்பதால் மாதம் ஏறக்குறைய 1,200 ரூபாயும், அதற்கு உரிய அகவிலைப்படியும் கூடும், ஆயுள் முழுக்க. கருத்துரு அனுப்பும்போது இந்தக் கருத்தியல் உயர்வைப் பணிப்பதிவேட்டில் பதிந்து அனுப்பாவிட்டால், பிறகு திருத்தக் கருத்துரு, திரும்பவும் மாநிலக் கணக்காயர் அலுவலகம் என்று அலைய வேண்டிவரும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு இதே நீதி கிடைக்க நெடுநாள் ஆனது. வழி திறந்தது சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். 2013 ஜூன் 30 அன்று ஓய்வு பெற்ற அய்யம்பெருமாள் தொடுத்த வழக்கில் 2017 செப்டம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. நம் மாநில அரசாணை 311-ம் அதில் பேசப்பட்டது. 2023 ஏப்ரலில் முந்தினமணி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் சொன்ன பிறகே டெல்லி இறங்கிவந்தது. இங்கே ஒரு தெளிவு வேண்டும். இந்த ஏற்பாடு ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் ஆனதல்ல. ஜூன் 2 முதல் 30 வரை பிறந்தவர்களும் ஜூன் 30 அன்றே ஓய்வு பெறுகிறார்கள், அவர்களுக்கும் இது பொருந்தும். ஜூலை 1 அன்று பிறந்தவர் அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்துகொள்கிறார்.

பிழை எங்கே நுழைகிறது என்றால், பெரும்பாலும் எக்செல் தாளில். ஓய்வு பெறுவோர் பட்டியல் தயாரிக்க அலுவலகத்தில் யாரோ ஒருவர் எப்போதோ எழுதிய சூத்திரத்தையே ஆண்டுதோறும் நகல் எடுத்துக்கொண்டிருப்பார்கள். A2 கட்டத்தில் பிறந்த தேதி இருந்தால் வழக்கமாகக் காணப்படுவது இது:

```
=EOMONTH(A2,720)
```

720 என்பது அறுபது ஆண்டுகளின் மாதங்கள். இந்தச் சூத்திரம் 1966 ஜூன் 1-க்கு 2026 ஜூன் 30 என்று காட்டும். தவறு. மற்ற எல்லாத் தேதிக்கும் சரியாகக் காட்டுவதால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பிறந்த தேதியிலிருந்து ஒரு நாளைக் கழித்துவிட்டு மாதத்தைக் கூட்டினால் போதும்:

```
=EOMONTH(A2-1,720)
```

இது ஜூன் 1-க்கு மே 31-ம், ஜூன் 2-க்கு ஜூன் 30-ம் தரும். 1968 மார்ச் 1 அன்று பிறந்தவருக்கு, 2028 லீப் ஆண்டு என்பதால், பிப்ரவரி 29 என்று சரியாகவே காட்டும். 1967 ஜனவரி 1 அன்று பிறந்தவருக்கு 2026 டிசம்பர் 31 என்று ஆண்டே மாறிவரும். அப்படி வருபவர்களின் பெயர் அடுத்த ஆண்டுப் பட்டியலில் உட்கார்ந்திருந்தால் கருத்துருவும் ஓராண்டு தாமதமாகத்தான் தொடங்கும் என்பதைக் கவனிக்கவும்.

சூத்திரம் சரியாக இருந்தும் தேதி தவறாக ஏறும் சங்கதி ஒன்று இருக்கிறது. கணினியில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 01-06-1966 என்று தட்டச்சு செய்ததை ஜனவரி 6 என்று எடுத்துக்கொள்ளும். அப்போது ஓய்வுத் தேதி 2026 ஜனவரி 31 என்று வரும், நான்கு மாதம் முன்னதாக. 12-க்கு மேற்பட்ட தேதிகளில் இந்தக் குழப்பம் உடனே தெரிந்துவிடும், எக்செல் அதைத் தேதியாகவே ஏற்காது. ஒன்றாம் தேதியில் சத்தமில்லாமல் ஏறிவிடும். கட்டத்தின் வடிவத்தை மாதப் பெயர் எழுத்தில் தெரியும்படி மாற்றிப் பார்த்தால் ஒரு பார்வையில் பிடித்துவிடலாம்.

தவறான தேதியோடு ஊழியர் ஒரு மாதம் கூடுதலாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? ஜூன் மாதம் அவர் வாங்கிய சம்பளம், ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய சம்பளம். மே 31-க்குப் பிறகு அவருக்கு உரியது ஓய்வூதியம் மட்டுமே. கருத்துருவைப் பரிசீலிக்கும்போது பிறந்த தேதியையும் ஓய்வுத் தேதியையும் முதலில் ஒப்பிடுவார்கள். பொருந்தவில்லை என்றால் கோப்பு திரும்பி வரும், அதிகப்படியான தொகையைப் பிடிக்கச் சொல்வார்கள். வயது கடந்தும் மூன்று ஆண்டு பணியில் நீடித்த ஒருவர் அந்தக் காலத்துச் சம்பளம் தனக்கு உரியது என்று கேட்ட ராதா கிஷுன் வழக்கில், 1997-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. வேலை செய்தேன், ஆகவே கூலி கொடு என்ற வாதம் இங்கே எடுபடவில்லை. ஓய்வு பெற்றவரிடம் பிடித்தம் செய்வதற்குத் தடைபோடும் வேறு தீர்ப்புகளும் இருப்பதால், எல்லாப் பிடித்தமும் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. இரு பக்கமும் வழக்கு, நடுவில் பணிக்கொடை நிறுத்தம். ஜூன் மாதத்தில் அவர் கையெழுத்திட்ட பட்டியல்களும் அவருக்குப் பின் பதவி உயர்வுக்குக் காத்திருந்தவரின் ஒரு மாதமும் தனிக் கணக்கு.

இந்தச் சிக்கலைக் கண்டவுடன் சில ஊழியர்கள் எடுக்கும் வழி, பிறந்த தேதியை ஒரு நாள் திருத்தித் தரச் சொல்வது. பணியில் சேர்ந்த 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்திருந்தால் பரிசீலிக்கலாம். ஓய்வு நெருங்கும் வேளையில் கேட்டால் முடியாது. தமிழ்நாடு அரசு எதிர் வேணுகோபாலன் வழக்கிலேயே (1994) உச்ச நீதிமன்றம் இதில் கறாராக இருந்தது. ஊழியர் கெஞ்சுகிறார் என்று பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் 1-ஐ 2 ஆக்கினால், அது அடித்தல் திருத்தல் அல்ல, குற்றம்.

ஆசிரியர்கள் உள்ள அலுவலகங்களுக்கு ஒரு வார்த்தை. கல்வியாண்டின் நடுவில் வயது நிறைவடையும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும் வரை மறுநியமனம் தரும் நடைமுறையில், ஜூன் 1 அன்று பிறந்தவர் மே 31 அன்று ஆண்டின் விளிம்பிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார். ஜூன் 2 அன்று பிறந்தவரின் தேதி புதிய ஆண்டுக்குள் விழுகிறது. மறுநியமனம் கேட்டு வரும் மனுவில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உங்களிடம் நாங்கள் கேட்பது சிறிய வேலை. இந்த மாதமே உங்கள் அலுவலகத்துப் பணிப்பதிவேடுகளில் முதல் தேதியில் பிறந்தவர்களை மட்டும் வடிகட்டி எடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பணிப்பதிவேட்டு முதல் பக்கம், களஞ்சியத்தில் ஏறிய தேதி, மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒத்திருந்தால் ஓய்வு நாளை முந்தைய மாதக் கடைசி என்று எழுத்தில் குறித்து, சம்பந்தப்பட்டவரிடம் இப்போதே கையொப்பம் வாங்குங்கள். ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சொன்னால் அவர் மகள் திருமணத்துக்குப் போட்ட கணக்கே மாறிவிடும். மூன்று ஆண்டுக்கு முன்னால் சொன்னால் அவரே தேதிகளைச் சரிசெய்துகொள்வார்.

ஓய்வு ஆணையிலும் காரணத்தைச் சேர்த்து எழுதுங்கள். "பிறந்த தேதி 01.06.1966 ஆதலால், 31.05.2026 அன்று 60 வயது நிறைவடைவதையொட்டி அன்று பிற்பகல் ஓய்வு பெற அனுமதிக்கப்படுகிறார். அன்று விடுமுறை நாளாதலால் 29.05.2026 பிற்பகல் பொறுப்பை ஒப்படைப்பார்" என்று இருந்தால், கருவூலத்திலும் கணக்காயர் அலுவலகத்திலும் யாரும் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது. சனி, ஞாயிறு இரண்டு நாட்களுக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு என்பதையும் பட்டியல் எழுதுபவருக்குச் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமையோடு சம்பளத்தை நிறுத்திய பட்டியல்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வூதியக் கருத்துருக்களைச் சரிபார்க்கும் பணியில் இருப்போர்